மேக்ஸ் ப்ராஃபிட் 400%னு காட்டுது, அதுக்காகவே எடுத்துடலாமா?

கேள்வி: வணக்கம் சார். ஒரு ஸ்டாக் 100ல இருக்கு, எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருக்கு, ஏறும்னு நினைக்கிறேன். 105 கால் வாங்கி 110 கால் வித்தா 1 கொடுக்கணும், ஆப்ல மேக்ஸ் ப்ராஃபிட் 400%னு வருது. 95 புட் வித்து 90 புட் வாங்கினா 1 கைக்கு வருது, அதுக்கு ஒரு ஆப்ல 100%, இன்னொன்னுல 20%, நான் போட்டு பாத்தா 25%. 95/94 புட் ஸ்ப்ரெட்டுக்கு 37% வருது. இதுல எந்த நம்பரை நம்புறது, எதை எடுக்கறது? எடுத்தா எக்ஸ்பைரி வரைக்கும் வச்சிருக்கணுமா?

பதில்: வணக்கம். முதல்ல அந்த மூணு நம்பர் பிரச்சனையை முடிச்சிடுவோம், ஏன்னா அது தெளிவாகலேன்னா மீதி எதுவும் ஓடாது.

95/90 புட் ஸ்ப்ரெட்ல மேல இருக்கற நம்பர், அதாவது லாபம், எல்லா இடத்துலயும் 1தான். அதுல யாருக்கும் சண்டை இல்ல. கீழ எதை போட்டு வகுக்கறாங்கங்கறதுலதான் எல்லா குழப்பமும். முதல் ஆப் கைக்கு வந்த கிரெடிட்டாலயே வகுக்குது, 1ஐ 1ஆல வகுத்தா 100%, எந்த கிரெடிட் ஸ்ப்ரெட்டை போட்டாலும் அதுல 100%தான் வரும், அதனால அது ஒரு தகவலே இல்ல. ரெண்டாவது ஆப் ரெண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவுல இருக்கற அகலத்தால, அதாவது 5ஆல வகுக்குது, 20%. நீங்க மோசமா போனா எவ்வளவு போகுமோ அதால வகுத்திருக்கீங்க: அகலம் 5, கைக்கு வந்தது 1, ஆக போகக்கூடியது 4, ஒண்ணுக்கு நாலு, 25%. உங்க கணக்குதான் சரி. சில புரோக்கர் கிரெடிட்டை கழிக்காம முழு 5ஐயும் மார்ஜினா பிளாக் பண்ணுவாங்க, அங்க மார்ஜின் மேல ரிட்டர்ன்னு பாத்தா மறுபடி 20% வரும், ஆனா பிளாக் ஆகற பணம் வேற போகக்கூடிய பணம் வேற, ரெண்டையும் கலக்காதீங்க.

இது வெறும் கணக்கு வாத்தியார் பிடிவாதம் இல்ல. ஒரு உதாரணம் பாருங்க. அதே ஸ்டாக்ல 95 கால் வாங்கி 100 கால் விக்கறீங்க, அதுக்கு சுமாரா 3 ஆகும், அகலம் 5, அதிகபட்ச லாபம் 2. இப்ப அதே ஸ்ட்ரைக்குகள்ல புட் எடுத்து 100 புட் வித்து 95 புட் வாங்கறீங்க, சுமாரா 2 கைக்கு வரும், போனா 3 போகும். எக்ஸ்பைரில ஸ்டாக் எங்க நின்னாலும் இந்த ரெண்டும் ஒரே லாபம் ஒரே நஷ்டம்தான் கொடுக்கும், 100க்கு மேல போனா ரெண்டுலயும் 2 லாபம், 95க்கு கீழ போனா ரெண்டுலயும் 3 நஷ்டம், நடுவுலயும் அதே கோடு. வட்டியை விட்டுட்டா ரெண்டும் ஒரே பொசிஷன். ஆனா உங்க முதல் ஆப் ஒண்ணுக்கு 67%னும் இன்னொன்னுக்கு 100%னும் காட்டும். போகக்கூடிய பணத்தால வகுத்தா மட்டும்தான் ரெண்டுக்கும் 3ல 2ன்னு ஒரே 67% வருது. ஒரே பொருளுக்கு ஒரே நம்பர் கொடுக்காத அளவுகோலை வச்சு வேற வேற பொருளை எப்படி ஒப்பிடறது சொல்லுங்க.

ஷீட்ல போடறவங்களுக்கு, A2ல அகலம், B2ல கிரெடிட் அல்லது டெபிட் போட்டுட்டு:

```
கிரெடிட் ஸ்ப்ரெட்:  =B2/(A2-B2)
டெபிட் ஸ்ப்ரெட்:   =(A2-B2)/B2
```

இதை போட்டீங்கன்னா உங்க 105/110 கால் ஸ்ப்ரெட் 400%, 95/90 புட் ஸ்ப்ரெட் 25%. இப்ப ரெண்டும் ஒரே அளவுகோல்ல வந்துடுச்சு, ஆனா இதுலயும் பெரிய நம்பரை பாத்து கை வைக்கக்கூடாது. இங்கதான் நிறைய பேர் நின்னுடறாங்க. ரிஸ்க் மேல ரிட்டர்ன்ங்கறது விலைச்சீட்டு மாதிரி, மார்க்கெட் உங்ககிட்ட என்ன கேக்குதுன்னு சொல்லுது, அது நல்ல விலையா இல்லையான்னு சொல்லாது.

அந்த நம்பரை திருப்பி போட்டா என்ன கேக்குதுன்னு தெரிஞ்சுடும். லாபம் முழுசா வரும் இல்லேன்னா முழுசா போகும்னு வச்சுக்கங்க, நடுவுல எதுவும் இல்ல. அப்ப 400% ஸ்ப்ரெட்ல கைல இருக்கறது போகாம இருக்க, அஞ்சுக்கு ஒரு தடவை ஜெயிச்சா போதும், 20%. 25% ஸ்ப்ரெட்ல அஞ்சுக்கு நாலு தடவை ஜெயிக்கணும், 80%. ஃபார்முலா ரொம்ப சின்னது, `1/(1+r)`, r இடத்துல 4 போட்டா 0.20, 0.25 போட்டா 0.80. நீங்க 400%ஐ பாக்கும்போதெல்லாம் அதை மனசுக்குள்ள 20%னு படிங்க, 25%ஐ 80%னு படிங்க. படிச்சவுடனே கேள்வி மாறிடும், "எது பெருசு"ங்கறது போய் "இந்த அளவு ஜெயிக்க வாய்ப்பு உண்மையிலேயே இருக்கா"ன்னு வந்துடும்.

சரி, வாய்ப்பு எவ்வளவு இருக்கு? அதுக்கு மார்க்கெட்டே ஒரு பதில் வச்சிருக்கு. இம்ப்ளைட் வொலாட்டிலிட்டி 30%னு வச்சுக்கறேன், உங்க ஆப்ஷன் விலைகளை வச்சு பாத்தா கிட்டத்தட்ட அதுதான் வருது. வட்டியை கணக்குல எடுக்கல. வழக்கமான பிளாக் ஷோல்ஸ் கணக்குப்படி 30 நாள்ல ஸ்டாக் 105க்கு கீழயே நிக்க 73% வாய்ப்பு, 105க்கும் 110க்கும் நடுவுல நிக்க சுமார் 15%, 110ஐ தாண்ட 12%. இப்ப கால் ஸ்ப்ரெட்டை இதுல ஓட விடுங்க. 73% தடவை 1 போகுது, நடுவுல நின்னா சராசரியா 1.25 வருது, 12% தடவை முழு 4 வருது. கூட்டினா மைனஸ் 0.73, ப்ளஸ் 0.19, ப்ளஸ் 0.48, ஆக மொத்தம் மைனஸ் 0.06. நீங்க ரிஸ்க் பண்றது 1, அதனால ரிஸ்க் மேல எதிர்பார்க்கக்கூடிய ரிட்டர்ன் மைனஸ் 6%. அந்த 400% எங்க போச்சுன்னு கேட்டா, அது எட்டுல ஒரு தடவை மட்டும் வர்ற நம்பர், அவ்வளவுதான்.

புட் ஸ்ப்ரெட்டுக்கும் அதே மாதிரி. 95க்கு மேல நிக்க 71%, 90க்கும் 95க்கும் நடுவுல 17%, 90க்கு கீழ 12%. மேல நின்னா 1 வருது, நடுவுல நின்னா சராசரியா 1.3 போகுது, கீழ போனா 4 போகுது. 0.71ல இருந்து 0.22ஐயும் 0.48ஐயும் கழிச்சா 0.01 மிச்சம். 4 ரிஸ்க் மேல 0.01, அதாவது கால் பர்சென்ட், பூஜ்யம்னே வச்சுக்கலாம்.

பாத்தீங்களா, ஹெட்லைன்ல 400ம் 25ம் பதினாறு மடங்கு வித்தியாசம், உள்ள பாத்தா ரெண்டும் பூஜ்யத்தை ஒட்டியே நிக்குது. அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, ஆப்ஷன் விலையில இருந்தே வாய்ப்பை எடுத்து அதே ஆப்ஷனை மதிப்பு போட்டா பூஜ்யம்தான் வரும், கால் ஸ்ப்ரெட் மைனஸ்ல போனதுக்கு காரணம் கூட அதோட நியாய விலை 0.95, நீங்க 1 கொடுக்கறீங்க, அந்த 0.05தான் அது. மத்த சில்லறை வித்தியாசம் நான் ரவுண்டு பண்ணதுல வந்தது. நிஜத்துல எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஒரே வொலாட்டிலிட்டி இருக்காது, ஸ்டாக்லயும் இண்டெக்ஸ்லயும் கீழ இருக்கற புட்டுகள் கொஞ்சம் விலை கூடவே இருக்கும், அதனால உங்க ஆப்ஷன் செயின்ல நம்பர் லேசா நகரும். கணக்கோட அமைப்பு மாறாது.

பிளாக் ஷோல்ஸ் போட கால்குலேட்டர் இல்லேன்னா டெல்டாவை வச்சு தோராயமா ஓட்டலாம், 105 காலோட டெல்டா 0.30ன்னா 105ஐ தாண்ட 30% பக்கம்னு. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, இது கால்ல கொஞ்சம் கூடுதலா காட்டும், புட்ல கொஞ்சம் குறைவா காட்டும். உங்க உதாரணத்துலயே 105 கால் டெல்டா 0.30, உண்மையான வாய்ப்பு 27%. 95 புட் டெல்டா 0.26, அது 95க்கு கீழ போக வாய்ப்பு 29%. அதாவது டெல்டாவை அப்படியே நம்பினா வாங்கற காலும் கொஞ்சம் நல்லாயிருக்கற மாதிரி தெரியும், விக்கற புட்டும் கொஞ்சம் நல்லாயிருக்கற மாதிரி தெரியும். ரெண்டு பக்கமும் நமக்கு சாதகமாவே பொய் சொல்லும், அதான் அதுல ஆபத்து.

இப்ப உங்க கருத்துக்கு வருவோம். நீங்க ஏறும்னு நினைக்கறீங்க, மார்க்கெட் விலையில அந்த கருத்து இல்ல. அப்ப அந்த மூணு கட்டத்துக்கும் உங்க நம்பரை போடுங்க. உதாரணத்துக்கு, 105க்கு கீழ நிக்க 60%, நடுவுல 20%, 110ஐ தாண்ட 20%னு நினைக்கறீங்கன்னு வைங்க. கால் ஸ்ப்ரெட் மைனஸ் 0.60, ப்ளஸ் 0.25, ப்ளஸ் 0.80, ஆக ப்ளஸ் 0.45, ரிஸ்க் மேல 45%. அதே நம்பிக்கையில புட் பக்கம் 95க்கு மேல நிக்க 80%, நடுவுல 13%, 90க்கு கீழ 7%ன்னு போட்டா 0.80ல 0.17ம் 0.28ம் போய் 0.35, 4 ரிஸ்க் மேல சுமார் 9%. ஆக "நல்லா ஏறும்"னு உண்மையிலேயே நினைக்கறவருக்கு கால் ஸ்ப்ரெட்தான் போடற பணத்துக்கு அதிகம் வேலை செய்யுது. கிரெடிட் ஸ்ப்ரெட்தான் எப்பவும் புத்திசாலித்தனம்னு நான் சொல்ல வர்றதா நினைச்சுடாதீங்க, அப்படி சொல்றவங்களும் ஜெயிக்கற சதவீதத்தை மட்டும் பாத்து ஏமாறறாங்க, இவங்க லாப சதவீதத்தை பாத்து ஏமாறற மாதிரி.

ஆனா உங்க கருத்து "ஏறுதோ இல்லையோ, விழாது" அப்படின்னு மட்டும் இருந்தா, 110ஐ தாண்டற கட்டத்துல 20% போட உங்களுக்கு உரிமை இல்ல. அங்க மார்க்கெட் சொல்ற 12%ஐயே வைக்கணும், 105க்கு கீழயும் அதே 73தான். அப்ப கால் ஸ்ப்ரெட் மறுபடி மைனஸ்க்கு போயிடும், புட் ஸ்ப்ரெட் ப்ளஸ்ல நிக்கும். நிறைய பேருக்கு மனசுல இருக்கறது இந்த ரெண்டாவது கருத்துதான், எடுக்கறது மட்டும் முதல் ஸ்ப்ரெட்டை, ஏன்னா ஸ்க்ரீன்ல 400 இருக்கு.

அளவும் இதுலதான் வருது. ஒரு லாட் கால் ஸ்ப்ரெட்டையும் ஒரு லாட் புட் ஸ்ப்ரெட்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடறது சரியில்ல, ஒண்ணுல 1 போகும் இன்னொன்னுல 4 போகும். சமமா வைக்கணும்னா நாலு லாட் கால் ஸ்ப்ரெட்டுக்கு எதிரா ஒரு லாட் புட் ஸ்ப்ரெட், ரெண்டுலயும் போனா 4. அப்படி வச்சு பாக்கும்போது குணமே வேற மாதிரி தெரியும். நாலு லாட் கால்ல அதிகபட்சம் 16 வரலாம், ஆனா நாலுல மூணு தடவை கிட்டத்தட்ட மொத்தமும் போகும். மார்க்கெட் வாய்ப்புப்படி தொடர்ந்து அஞ்சு தடவை முழுசா போறதுக்கு சுமார் 20% வாய்ப்பு இருக்கு, 0.73ஐ அஞ்சு தடவை பெருக்கி பாருங்க. அஞ்சு தடவை போனதும் ஆறாவதை அதே அளவுல போட உங்க கணக்குலயும் பணம் இருக்கணும், மனசுலயும் தெம்பு இருக்கணும். புட் பக்கம் தலைகீழ், நாலு முழு லாபத்தை ஒரே ஒரு முழு நஷ்டம் துடைச்சுட்டு போயிடும், அதுவும் பெரும்பாலும் நாம "இது ஈஸி பணம்"னு நினைச்சு லாட்டை கூட்டின மாசத்துலதான் வரும்.

உங்க 95/94 புட் ஸ்ப்ரெட்டுக்கு வர்றேன், இந்த கேள்வியிலயே இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. 0.27 கிரெடிட், அகலம் 1, ரிஸ்க் 0.73, 37%. சரியாத்தான் போட்டிருக்கீங்க. 95/90ல 25%, இங்க 37%, அளவுகோலும் சரி, அப்ப இதுதானே நல்லதுன்னு தோணும். ஆனா இதுவரைக்கும் போட்ட கணக்குல செலவே இல்ல.

செலவுன்னா புரோக்கரேஜ், சார்ஜ், அதோட வாங்கற விலைக்கும் விக்கற விலைக்கும் நடுவுல இருக்கற இடைவெளில நாம விடற காசு, ரெண்டு லெக், போகும்போதும் வரும்போதும். எல்லாம் சேத்து ஒரு ஸ்ப்ரெட்டுக்கு 0.10ன்னு வைங்க. 95/90ல லாபம் 0.90 ஆகுது, ரிஸ்க் 4.10 ஆகுது, 25% இருந்தது 22% ஆகுது. கொஞ்சம் வலிக்குது, பரவால்ல. 95/94ல லாபம் 0.17 ஆகுது, ரிஸ்க் 0.83 ஆகுது, 37% இருந்தது 20% ஆயிடுச்சு. வரிசையே மாறிடுச்சு பாருங்க, முன்னாடி நின்னது பின்னாடி போயிடுச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஜெயிக்க வேண்டிய சதவீதத்துல பாத்தா ரொம்ப எளிமையா இருக்கு. செலவை அகலத்தால வகுங்க, அவ்வளவு பாயிண்ட் ஜெயிக்க வேண்டிய சதவீதம் மேல ஏறும். 5 அகலத்துல 0.10 செலவுன்னா 2 பாயிண்ட், 80ல இருந்து 82. 1 அகலத்துல அதே 0.10ன்னா 10 பாயிண்ட், 73ல இருந்து 83. மார்க்கெட் சொல்ற வாய்ப்பு அதே 73 பக்கத்துலயேதான் நிக்குது, அது உங்க செலவுக்காக ஏறாது. 10 பாயிண்ட் இடைவெளியை கருத்தால நிரப்பணும்னா அது சாதாரண கருத்தா இருந்தா பத்தாது. கால் ஸ்ப்ரெட்டுக்கும் இதே விதிதான், அகலம் 5ங்கறதால 20ல இருந்து 22 ஆகும். குறுகின ஸ்ப்ரெட்டுகளோட ஹெட்லைன் நல்லா இருக்கறதுக்கு பெரும்பாலும் காரணம் அதோட செலவு ஸ்க்ரீன்ல தெரியாததுதான். ரெண்டு லெக்கோட நடு விலையை எடுத்து ஆப் கணக்கு போடும், நடு விலையில நமக்கு யாரும் தர மாட்டாங்க.

அதனால ஷீட்ல இன்னொரு காலம் சேருங்க, C2ல ஒரு ஸ்ப்ரெட்டுக்கு மொத்த செலவு:

```
கிரெடிட்:  =(B2-C2)/(A2-B2+C2)
டெபிட்:   =(A2-B2-C2)/(B2+C2)
```

செலவை எப்படி பிடிக்கறதுன்னா, ஆர்டர் போடற நேரத்துல ஸ்ப்ரெட்டோட நடு விலை என்ன, நமக்கு ஃபில் ஆன விலை என்னன்னு ஒவ்வொரு தடவையும் குறிச்சு வைங்க. கொஞ்ச நாள்ல உங்க ஸ்டாக்குக்கு உங்க சராசரி செலவு தெரிஞ்சுடும், அந்த நம்பர் என்னோட 0.10ஐ விட ஆயிரம் மடங்கு உபயோகம்.

நாள் கணக்கை பத்தி ஒரு வரி. உங்க மூணு ஸ்ப்ரெட்டும் ஒரே எக்ஸ்பைரி, அதனால நேரடியா ஒப்பிடலாம். வேற வேற எக்ஸ்பைரின்னா சில ஆப் அதை வருஷத்துக்குன்னு மாத்தி 25%ஐ 300%னு காட்டும், அதை கண்டுக்காதீங்க. மாசம் மாசம் 25% ஜெயிச்சுட்டே இருந்தாத்தான் அது 300, ஆனா ஏதோ ஒரு மாசம் மைனஸ் 100% வரும்னு அந்த நம்பருக்கு தெரியாது.

இன்னொன்னு, நான் இதுவரைக்கும் "போனா 4"ன்னு ரொம்ப நம்பிக்கையா சொல்லிட்டு வர்றேன். அது எக்ஸ்பைரில பணமா செட்டில் ஆகற ஆப்ஷன்ல சரி. ஷேர் டெலிவரி ஆகற ஸ்டாக் ஆப்ஷன்ல ஒரு ஓட்டை இருக்கு. எக்ஸ்பைரி அன்னிக்கு ஸ்டாக் 93ல முடியுதுன்னு வைங்க. நீங்க வித்த 95 புட் அசைன் ஆகி ஷேர் உங்க தலையில 95க்கு வந்து விழும், நீங்க பாதுகாப்புக்கு வாங்கின 90 புட் மதிப்பில்லாம முடிஞ்சு போயிடும். அடுத்த நாள் ஸ்டாக் 85ல திறந்தா 10 நஷ்டம், கிரெடிட் 1 போக 9. ரிஸ்க் 4னு போட்ட கணக்குல 9 போச்சு. ரெண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவுல விலை நிக்கும்போதுதான் இந்த ஆபத்து, அப்ப முடியறதுக்கு முன்னாடியே மூடிடணும், கொஞ்சம் செலவானாலும் பரவால்ல. அமெரிக்கன் வகை ஆப்ஷன்ல வித்த கால் பணத்துக்குள்ள இருக்கும்போது டிவிடெண்டுக்கு முந்தின நாள் முன்கூட்டியே அசைன் ஆகறதும் உண்டு, உங்க கால் ஸ்ப்ரெட்ல வித்தது 110, இப்போதைக்கு அது தூரத்துல இருக்கு, ஸ்டாக் அங்க போச்சுன்னா மட்டும் டிவிடெண்ட் தேதியை பாத்துக்கங்க.

கடைசி கேள்வி, எக்ஸ்பைரி வரைக்கும் வச்சிருக்கணுமா. இதுக்கும் அதே அளவுகோல்தான், ஆனா ஆரம்பத்துல போட்ட நம்பரை தூக்கி போட்டுட்டு இன்னிக்கு விலையில புதுசா போடணும். 95/90 புட் ஸ்ப்ரெட்டை 1க்கு வித்தீங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஸ்டாக் ஏறி அது 0.20க்கு வந்துடுச்சுன்னு வைங்க. 80% லாபம் கைல வந்துடுச்சு, மிச்சம் 20% தானே, விடுவானேன்னு தோணும். ஆனா இன்னிக்கு மூடாம வச்சிருக்கறதுங்கறது இன்னிக்கு இதை 0.20க்கு புதுசா விக்கறதுக்கு சமம். இனிமே வரக்கூடியது 0.20, இனிமே போகக்கூடியது 4.80. ரிஸ்க் மேல ரிட்டர்ன் 4%. ஜெயிக்க வேண்டிய சதவீதம் 96. அந்த 25% ஸ்ப்ரெட் இப்ப உங்க கைல இல்ல, வேற ஒரு ஸ்ப்ரெட் இருக்கு, அதை யாராவது புதுசா உங்ககிட்ட காட்டினா எடுப்பீங்களா? மூடறதுக்கு ஆகற செலவையும் இதுல சேத்து பாக்கணும், 0.20க்கு மேல 0.05 செலவுன்னா வச்சிருந்தா மிச்சமாகக்கூடியது 0.25, ஜெயிக்க வேண்டியது 95% ஆகும், அதுக்கு மேல வாய்ப்பு நிஜமாவே இருக்குன்னு தோணினா வச்சிருக்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல.

கால் ஸ்ப்ரெட்லயும் இப்படித்தான். 1க்கு வாங்கினது 3.50 ஆயிடுச்சுன்னா, ஆப் இன்னும் மேல 400% காட்டிட்டு இருக்கும், ஆனா உங்களுக்கு மிச்சம் இருக்கறது 1.50, அதுக்காக மேஜையில வச்சிருக்கறது 3.50. ரிஸ்க் மேல 43%, ஜெயிக்க வேண்டியது 70%. ஏற்கனவே வந்த 2.50ஐ "லாபப் பணம்தானே, போனா போகட்டும்"னு தனியா பிரிச்சு வைக்காதீங்க, அது இன்னிக்கு உங்க பணம், போனா உங்களுதுதான் போகும். ஸ்டாக் 111ல இருக்கு, எக்ஸ்பைரிக்கு இன்னும் நாள் கிடக்கு, ரெண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவுல இருக்கற 107.50க்கு மேலயே நிக்க 70% வாய்ப்பு இருக்கான்னு ரெண்டு காலோட டெல்டாவுக்கும் சராசரி எடுத்து பாத்து முடிவு பண்ணுங்க, அது கொஞ்சம் கூடுதலா காட்டும்ங்கறதையும் கழிச்சுக்கங்க.